இருமினால் எட்டிப் பார்க்கும் வீக்கம்

“தாராவியில் தண்ணீர் கேன் போடுகிறேன். இருமினால் வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு புடைக்கிறது, படுத்தால் காணோம். நெறிக்கட்டியா?”

குடலிறக்கம் மாதிரிதான் தெரிகிறது. நெறிக்கட்டி என்றால் படுத்தாலும் அங்கேயே இருக்கும். வயிற்றுச் சுவர் தளர்ந்த இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்குகிறது. கேன் தூக்கும்போது முக்குவது அதைக் கூட்டும்.

நின்றபடி இரண்டு விரலை அங்கே லேசாக வைத்து இருமுங்கள். உள்ளிருந்து முட்டினால் பெரும்பாலும் அதுதான். அப்புறம் அறுவை மருத்துவரிடம் நின்ற நிலையிலேயே காட்டுங்கள், படுத்தால் ஒளிந்துகொள்ளும். கச்சை தாங்கும், ஓட்டையை அடைக்காது.

ஒன்று மட்டும்: புடைப்பு கல்லாகி வலித்து, உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் அமுக்கிக்கொண்டிருக்காதீர்கள். குடல் நெரிபடலாம். ராத்திரி என்றாலும் உடனே சயான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.