துணிக் குறையைப் பிரிக்க ஐந்து படம் போதுமா?

கேள்வி: பின்னலாடைத் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன், முடிச்சு என நாலு வகைக் குறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படம்தான் இருக்கிறது. மினிஇமேஜ்நெட் என்ற பொதுப் படத் தொகுப்பில் பயிற்சி கொடுத்த ப்ரோட்டோடைப்பிக்கல் நெட்வொர்க் அங்கே 68% சரியாகச் சொன்னது, என் துணியில் 30%கூடத் தாண்டவில்லை. படம் போதவில்லையா?

பதில்: நாலு வகையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 25% வந்துவிடும். அதனால் உங்கள் நெட்வொர்க் கிட்டத்தட்ட எதையும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். படங்களின் எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அளவைப் பாருங்கள். மினிஇமேஜ்நெட் படங்கள் 84×84 பிக்சல். 2000 பிக்சல் அகலப் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால், 20 பிக்சல் ஓட்டை ஒரு பிக்சல்கூட இருக்காது. குறையைச் சுற்றி வெட்டியெடுத்து, அந்தத் துண்டை மட்டும் கொடுங்கள்.

அதற்கு அப்புறம்தான் பயிற்சி. ஸ்னெல், ஸ்வெர்ஸ்கி, ஸெமெல் மூவரும் 2017-இல் சொன்ன முறையின் கணக்கு எளிது: ஒரு வகையின் ஐந்து படங்களும் எண் வரிசைகளாக மாறும், அவற்றின் சராசரிதான் ப்ரோட்டோடைப். புதுப் படம் எந்தச் சராசரிக்குப் பக்கமோ, அந்த வகை.

```python
# z_s: வகை வாரியாக அடுக்கிய 20 படங்களின் எண் வரிசைகள்
# z_q: புதுப் படங்களின் எண் வரிசைகள்
proto = z_s.view(4, 5, -1).mean(1)
logits = -torch.cdist(z_q, proto) ** 2
```

புது வகை வரும்போது இதில் எதுவும் கற்றுக்கொள்ளப்படுவதில்லை. எந்த வித்தியாசம் முக்கியம், எது முக்கியமில்லை என்பதை நெட்வொர்க் முன்பு பார்த்த எபிசோடுகளே, அதாவது சில வகைகளைப் பிரித்துப் பழகிய சிறு சிறு பயிற்சிச் சுற்றுகளே, தீர்மானித்துவிட்டன. உங்களுடையது நாயையும் கப்பலையும் பிரிக்கப் பழகியது. துணியின் நிறத்தை அது பெரிதாக எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கறையை விட்டுவிட்டால் ஆச்சரியமில்லை.

ஆகவே எபிசோடுகளைத் துணியிலிருந்தே அமைக்க வேண்டும். பழைய சோதனைப் படங்களில் இந்த நாலும் அல்லாத வேறு குறைகள் இருக்கும், அவற்றை எடுங்கள். ஒவ்வொரு எபிசோடிலும் சில வகைகள், சராசரி எடுக்க வகைக்கு ஐந்து சப்போர்ட் படங்கள், வகை கேட்டுச் சோதிக்கப் பத்துப் பதினைந்து க்வெரி படங்கள். சப்போர்ட் ஒரு ரோலிலிருந்து வந்தால் க்வெரி வேறு ரோலிலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் நிறத்தைப் பார்த்தே விடை சொல்லித் தப்பித்துவிடும். குறைப் படம் கிடைக்கவில்லையே என்று துணி ரகங்களையே வகைகளாக வைத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை செய்து கெட்டேன். ரகத்தைப் பிரிக்கக் கற்ற நெட்வொர்க் குறையைக் கண்டுகொள்ளாது. அந்த நிலையில் இமேஜ்நெட்டில் பயின்ற ரெஸ்நெட் என்ற நெட்வொர்க் தரும் எண் வரிசையை, அதாவது எம்பெடிங்கை, அப்படியே எடுத்துச் சராசரி பார்ப்பது மேல்.

உங்கள் 20 படங்களை வைத்தே சோதிக்கலாம். ஒன்றை விலக்கி, மீதியில் சராசரி எடுத்து, விலக்கியது எங்கே போகிறது என்று பாருங்கள். இருபதுக்கும் செய்யுங்கள். பிழைகள் ஒரே வகையில் குவிந்தால், அந்த வகைக்குள் இரண்டு உருவம் இருக்கலாம். ஊசி முனை அளவு ஓட்டையும் விரல் நுழையும் கிழிசலும் ஒரே பெயரில் இருந்தால், சராசரி இரண்டுக்கும் நடுவில் விழுந்து எண்ணெய்க் கறையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது 'சிறு ஓட்டை', 'பெரு ஓட்டை' என்று இரண்டு ப்ரோட்டோடைப் வையுங்கள், விடை சொல்லும்போது மட்டும் ஒன்றாக்குங்கள். அதற்கு இன்னும் நாலைந்து படம் தேவைப்படும்.

குறையே இல்லாத துணியைக் காட்டினாலும் இது நாலில் ஒன்றைச் சொல்லியே தீரும். நல்ல துணிக்கும் ஒரு வகை வைத்துவிடுங்கள்.