G(i) சராசரி 220 வருது, 5 கிலோவாட் போட்டா 1.1 தான் கிடைக்குமா?

> கோயம்புத்தூர் மாடிக்கு PVGIS தளத்தில் சூரிய ஒளியின் மணிவாரி கோப்பு இறக்கினேன். G(i) பத்தியோட சராசரி 220. அப்போ 5 கிலோவாட் பேனல் 1.1 கிலோவாட்தான் தருமா?

1.1 என்பது இரவையும் சேர்த்த, இழப்பு கழிக்காத 24 மணி நேரச் சராசரி. நல்ல வெயிலில் உச்சி நேரத்தில் 4 கிலோவாட்டை ஒட்டி வரும்.

G(i) இர்ரேடியன்ஸ்: அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் வாட். அதை நேரத்தோடு பெருக்கிக் கூட்டினால்தான் இன்சோலேஷன். 220 × 24 = 5280 வாட்-மணி, அதாவது நாளுக்கு 5.28 கிலோவாட்-மணி. பேனல் ரேட்டிங் சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலுக்கு என்பதால், இது 5.28 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். வெப்பம், தூசி, வயர், இன்வெர்ட்டர் இழப்புக்கு 0.77 வைத்தால்: 5 × 5.28 × 0.77 = சுமார் 20 யூனிட். வருடச் சராசரிதான், தினமும் இதே வராது.

சரிபார்க்க, ஒரு வருட G(i) முழுவதையும் கூட்டி 1000-ஆல் வகுங்கள். 1900-க்கு மேல் வரணும். அதைப்போல பல மடங்கு வந்தால் பல வருடக் கோப்பை இறக்கியிருக்கிறீர்கள். உச்சம் காலை 6-7 மணிக்குத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நேரம் UTC, நம்ம நேரத்துக்கு 5:30 கூட்டணும்.

இறக்கும்போது சாய்வை 0-ல் விட்டிருந்தால் இது கிடைமட்டத் தளத்துக்கான கணக்கு. பக்கத்து வீட்டு டேங்க் நிழலும் இதில் கிடையாது. பேட்டரி வைப்பதாக இருந்தால் வருடச் சராசரியை விட்டுவிட்டு, மிகக் குறைந்த மாதத்தை எடுங்கள்.