மாவட்ட வரைபடத்தில் விற்பனையை நிறமிடுதல்: வாசகர் கேள்விகள்

எத்தனை நிறப்படிகள் வைக்கலாம்? நான் பன்னிரண்டு வைத்துள்ளேன். (கீழக்கரை)

ஐந்து போதும். ஏழாவது படிக்கும் எட்டாவது படிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கக் கட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல உங்களாலேயே முடியாது.

கருவாட்டு விற்பனையை வரைபடத்தில் நிறமிட்டேன். மதுரைதான் மிகவும் அடர்ந்து தெரிகிறது. அங்கே நம் சரக்கு நன்றாக ஊன்றிவிட்டது என்று கொள்ளலாமா? (மண்டபம்)

கொள்ளக் கூடாது. இப்பகுதியில் எத்தனையோ முறை எழுதியாயிற்று: மொத்த விற்பனையை அப்படியே நிறமாக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் ஓராண்டு விற்பனை மதுரையில் 36 டன், இராமநாதபுரத்தில் 30, சிவகங்கையில் 27, விருதுநகரில் 19. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இருந்தார்கள்; இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் தலா 13 லட்சத்துச் சொச்சம், விருதுநகரில் 19 லட்சம். லட்சம் பேருக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இராமநாதபுரம் 2.2 டன், சிவகங்கை 2, மதுரை 1.2, விருதுநகர் 1. முதலிடத்தில் இருந்த மதுரை கடைசிக்கு முந்தைய இடத்துக்கு இறங்கிவிட்டது. உங்கள் வரைபடம் கருவாட்டைக் காட்டவில்லை, மதுரையில் ஆட்கள் அதிகம் என்பதைத்தான் காட்டியது; அதற்கு வரைபடம் எதற்கு?

பரப்பும் கண்ணை ஏமாற்றும். பெரிய மாவட்டத்தில் பூசிய நிறம் பெரிதாகத் தெரியும். பரப்பில் மிகச் சிறியதான சென்னையில் எவ்வளவு விற்றாலும் அது ஒரு புள்ளியாகவே நிற்கும். மொத்த டன் கணக்கைக் காட்டியே தீர வேண்டுமென்றால் மாவட்டத்தின் நடுவே அளவுக்கேற்ற வட்டம் போடுங்கள். நிறத்தை விகிதத்துக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை. மதுரை மொத்த வியாபாரியின் பெயரில் போட்ட பில் முழுவதும் மதுரையில் உண்ணப்பட்டதென்று பொருளில்லை. அவர் பாதிச் சரக்கைத் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஏற்றிவிட்டால், மதுரையின் 1.2 கூட மிகைதான். அந்த இரண்டு மாவட்டங்களும் வெளிறிக் கிடப்பதும் பொய்தான். சரக்கு எங்கே இறங்குகிறது என்று கேட்டெழுதி, அந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்த்த பின்பு நிறமிடுங்கள்.

தென்காசி, மயிலாடுதுறை முதலிய மாவட்டங்களுக்கு விற்பனை எழுதியும் வரைபடத்தில் அவை தோன்றவே இல்லை. மென்பொருளில் கோளாறா? (பரமக்குடி)

மென்பொருளைக் குறை சொல்லுமுன் எல்லைக்கோப்பில் எத்தனை மாவட்டங்கள் என்று எண்ணியிருக்கலாம். 32 இருந்தால் அது 2019-க்கு முந்தையது, இப்போது 38. பழைய கோப்பில் தென்காசி திருநெல்வேலிக்குள்ளும் மயிலாடுதுறை நாகப்பட்டினத்துக்குள்ளும் அடங்கியிருக்கும். புதிய கோப்பு போட்ட பின்பும் ஏதேனும் மாவட்டம் வெள்ளையாக நின்றால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: ஒரு பக்கம் `Thoothukudi`, மறுபக்கம் `Tuticorin` என்றிருந்தால் கணினி இரண்டையும் இணைக்காது. 2011 மக்கள்தொகையும் பழைய 32 மாவட்டங்களுக்கானது என்பதால், பிரிந்தவற்றுக்கு வட்ட வாரியாகக் கூட்டித்தான் வகுக்க வேண்டும். விற்பனை சுழி என்பதும் தகவல் இல்லை என்பதும் வேறு வேறு. முன்னதற்கு மிக வெளிறிய நிறமும் பின்னதற்குச் சாய்கோடுகளும் இடுங்கள்.

ஆடி மாத வரைபடத்தைவிட ஆவணி மாத வரைபடத்தில் விற்பனை குறைந்தும் நிறம் குறையவில்லையே? (தொண்டி)

QGIS-இல் `Equal Count (Quantile)` முறையைத் தேர்ந்து, ஒவ்வொரு மாதமும் எல்லைகளை அதையே வகுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த முறை மாவட்டங்களைச் சம எண்ணிக்கையில் படிகளுக்குள் பங்கிடும். எல்லா இடத்திலும் விற்பனை பாதியானாலும் யாரேனும் சிலர் அடர்நிறத்தில் நின்றே தீருவார்கள். 0.5, 1, 1.5, 2 என முழுமையாக்கிய எல்லைகளைக் கையால் எழுதி, எல்லா மாதத்துக்கும் அதையே வைத்திருங்கள்.

மாவட்டப் பெயரும் தொகையும் எழுதியதில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. (இராமேசுவரம்)

தொகைகளை எடுத்துவிடுங்கள், அவற்றைச் சொல்லத்தான் நிறம். பெயர்களில் நீங்கள் பேசப்போகும் மூன்று நான்கை மட்டும் வைத்து, சென்னையைத் தனிக்கட்டத்தில் பெரிதாக்குங்கள். கடலுக்கு நீலம் பூசி, விற்பனைக்கும் நீலத்தையே எடுத்திருக்கிறீர்கள். நானும் ஒருமுறை இப்படிச் செய்து, பாம்பன் தீவைப் பாக் விரிகுடாவில் கரைத்திருக்கிறேன். கடலை வெளிர் சாம்பலாக்கி, விற்பனைக்கு ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்ந்ததாக ஏற்றுங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலும் படிகள் அழியாது.