பன்னிரண்டா, பதினொன்றா?

வணக்கம். பத்தாவது படிக்கும் மகனுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பகடைகளுக்கு 36 விளைவுகள் என்கிறது புத்தகம். (3,4), (4,3) இரண்டும் ஒன்றுதானே, ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும்? குறைந்தது ஒரு 6 விழுவதற்கு, பகடைக்கு ஆறு வீதம் எனக்கு 12 வருகிறது. விடையோ 11.
ஒரு வாசகி

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு பகடை சிவப்பு, இன்னொன்று வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 3, வெள்ளையில் 4 விழுவது ஒன்று. சிவப்பில் 4, வெள்ளையில் 3 விழுவது வேறொன்று. (3,3) விழ மட்டும் ஒரே வழிதான். சாயத்தைச் சுரண்டிவிட்டாலும் பகடைகள் விழும் விதம் மாறாது, நம் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியாமல் போகும்.

ஜோடிகளை ஒன்றாக்கினால் 21 வரும். ஆனால் அந்த 21-க்கும் சம வாய்ப்பு இல்லை. சந்தேகமிருந்தால் மகனோடு உட்கார்ந்து 360 தடவை உருட்டிக் குறித்துப் பாருங்கள். 3-3 சுமார் 10 தடவை விழும், 3-ம் 4-ம் சேர்ந்து சுமார் 20 தடவை விழும். 21-ம் சமம் என்றால் இரண்டுமே 17-ஐ ஒட்டி வரவேண்டும். அதனால்தான் முழுதாக எழுதுகிறோம்; முதல் எண் சிவப்பு:

```
(1,1) (1,2) (1,3) (1,4) (1,5) (1,6)
(2,1) (2,2) (2,3) (2,4) (2,5) (2,6)
(3,1) (3,2) (3,3) (3,4) (3,5) (3,6)
(4,1) (4,2) (4,3) (4,4) (4,5) (4,6)
(5,1) (5,2) (5,3) (5,4) (5,5) (5,6)
(6,1) (6,2) (6,3) (6,4) (6,5) (6,6)
```

இரண்டிலும் ஒரே எண் விழுபவை இடது மேல்மூலையிலிருந்து சாய்வாக இறங்குகின்றன: 6/36, அதாவது 1/6. கூட்டுத்தொகைகள் எதிர்ப்பக்கச் சாய்வில் கிடக்கின்றன. 2-க்கு ஒரே கட்டம், 3-க்கு இரண்டு என்று ஏறி, 7-க்கு ஆறு கட்டங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் குறைந்து 12-க்கு மறுபடி ஒன்று.

சரி, உங்கள் 12. சிவப்பில் 6 என்பது கடைசி வரிசை, வெள்ளையில் 6 என்பது கடைசி நிரல். இரண்டையும் விரலால் தடவிக்கொண்டே எண்ணுங்கள். மூலையில் இருக்கும் (6,6)-ஐ விரல் இரண்டு தடவை தொடும். நீங்கள் கூடுதலாக எண்ணியது அந்த ஒரு கட்டத்தைத்தான். 6 + 6 − 1 = 11, ஆகவே 11/36. மறுபக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம்: 6 இல்லாத கட்டங்கள் 5 × 5 = 25, மீதி 11.

இதே தவறு ஒளிந்திருக்கும் இன்னொரு கணக்கை மகனிடம் கொடுங்கள்: ஒரே எண் இரண்டிலும் விழ, அல்லது கூட்டுத்தொகை 8 வர நிகழ்தகவு என்ன? ஆறும் ஐந்தும் 11 என்பான். (4,4) இரண்டு பக்கமும் இருக்கிறது, 10/36 தான். 8-க்குப் பதில் 7 என்று கேட்டால் கழிக்க ஒன்றுமில்லை, ஒரே எண் விழும் சாய்வில் ஒற்றைப்படைக் கூட்டுத்தொகை வராது. அங்கே 12/36 சரியான விடை.

அன்புடன்.