வீட்டு இணைய இணைப்பு விற்க போனில் அழைக்கிறேன். முதல் வரியிலேயே ஆட்கள் எரிந்து விழுகிறார்கள். எப்படித் தொடங்குவது?

உங்கள் கையிலும் ஒரு தாளைத் திணித்திருப்பார்கள். "வணக்கம் சார், நலமா, உங்களுக்காக ஒரு சிறப்புச் சலுகை" என்று போகும். மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் அதைத்தான் ஒப்பித்தேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குக் குலசேகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அழைத்தேன். நலமா என்று கேட்டு முடிப்பதற்குள், "மக்களே, ரப்பர் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். விஷயத்தைச் சொல்" என்றார். விடியற்காலையில் வெட்டிய மரங்களில் பால் எடுக்கும் நேரம் அது. தாமதித்தால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். ஆனாலும் கேட்டார். பேரனின் படிப்புக்கு இணைப்பு வேண்டும் என்று முகவரி சொன்னார், விலை கேட்டார். நான் 499 என்றேன். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 589 என்பதை அவரே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் லைன்மேன் போய்ப் பார்த்தால், அவர் வீட்டருகே கம்பத்துப் பெட்டியில் இருந்த எட்டு போர்ட்டுகளும் நிறைந்திருந்தன. இணைப்பு கொடுக்க வழியில்லை. அந்தப் பெரியவரின் நேரத்தைத் தின்றது என் வாய் அல்ல, போர்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் டயல் செய்த என் விரல்தான்.

அதற்குப் பிறகு, லைன்மேனிடம் கேட்டு, போர்ட் காலியாக இருக்கும் தெருக்களை மட்டும் அழைத்தேன். இப்படித் தொடங்குவேன்: "ஐயா, மார்த்தாண்டத்திலிருந்து இன்டர்நெட் இணைப்பு விற்க அழைக்கிறேன். உங்கள் தெருப் பெட்டியில் இடம் இருக்கிறது. வரியோடு மாதம் 589 ரூபாய். ஒரு நிமிடம் பேசலாமா, வைத்துவிடட்டுமா?" கம்பெனிப் பெயரையும் சேர்த்து, பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடும். வைத்துவிடு என்றால் வைத்துவிட வேண்டும். "ஒரே ஒரு நிமிடம் சார்" என்று இழுத்தால் முன்னே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

விற்பனை என்று முதலிலேயே சொன்னால் போனை வைத்துவிடுவார்களே என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள். வைப்பார்கள்தான். நீங்கள் தாளை முழுக்க வாசித்தாலும் அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள். 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர அழைப்பே வேண்டாம் என்றவர்களுக்கு இந்த வரிகளும் கூடாது, அந்த எண்களைத் தொடாதீர்கள்.

என் மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குப் பேச்சு நேரம் நீள வேண்டும். நான் வேலையை விட்டபோது, ஏற்கெனவே உடைந்திருந்த ஹெட்செட்டுக்கு 600 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டியில் ஒரு போர்ட் காலியானது. பால் வேலை முடிந்திருக்கும் என்று மாலை நான்கு மணிக்கு அழைத்தேன். "வேறு இடத்தில் எடுத்துவிட்டேன் மக்களே" என்றார் பெரியவர். மொத்தம் இருபது விநாடி. அலுவலகக் கணக்கில் அது தோற்றுப்போன அழைப்பு.