மதிப்பெண் தாளைப் பார்த்து ஸ்லைடு போடுவது

வணக்கம். நான் இறுதியாண்டு மின்னணுவியல் மாணவி. மண்ணின் ஈரத்தை அளந்து தானாக நீர் பாய்ச்சும் கருவிதான் எங்கள் ப்ராஜெக்ட். முதல் ரிவ்யூவில் முந்தைய ஆய்வுகளுக்கு 15க்கு 6தான் கிடைத்தது. எட்டுக் கட்டுரைகள் படித்து ஸ்லைடில் பட்டியலும் போட்டிருந்தேன். மதிப்பெண் தாள்: பிரச்சினை வரையறை 5, முந்தைய ஆய்வுகளை ஒப்பிட்டு இடைவெளி காணல் 15, வழிமுறையும் அதற்கான காரணமும் 15, முடிவுகளின் பகுப்பாய்வு 10, கேள்விகளுக்குப் பதில் 5. பேச 12 நிமிடம். இரண்டாம் ரிவ்யூவுக்கு என்ன செய்ய?

அன்புள்ள மாணவிக்கு,

தாளில் இருப்பது ‘ஒப்பிட்டு’, ‘இடைவெளி காணல்’ என்ற இரண்டு வேலைகள். பட்டியல் அந்த இரண்டையுமே செய்யவில்லை. நீங்கள் எவ்வளவு படித்தீர்கள் என்பது தேர்வாளருக்குத் தெரிய வழியில்லை. திரையில் தெரிவதற்குத்தான் அவர் மதிப்பெண் போட முடியும்.

பட்டியலை எடுத்துவிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். எட்டும் வேண்டாம், உங்கள் வேலைக்கு நெருக்கமான நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் எந்த சென்சார், எந்த மண்ணில் சோதித்தார்கள், எதைத் தொடவில்லை என்று மூன்று கட்டங்கள். கடைசி வரிசையில் உங்கள் ப்ராஜெக்ட். தலைப்பில் ‘லிட்டரேச்சர் சர்வே’ என்று எழுதாமல் ‘முந்தைய ஆய்வுகள்: ஒப்பீடும் இடைவெளியும்’ என்று தாளின் சொற்களையே எழுதுங்கள். தாளைக் கையில் வைத்திருப்பவர் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேட வேண்டியிருக்காது.

வழிமுறையிலும் இதே சிக்கல் வரும். பிளாக் டயகிராம் ‘வழிமுறை’யை மட்டும் காட்டும், ‘காரணம்’ விட்டுப்போகும். கெப்பாசிட்டிவ் சென்சார் பயன்படுத்தினால், ரெசிஸ்டிவ் வகையை ஏன் விட்டீர்கள் என்று அதே ஸ்லைடில் ஒரு வரி எழுதுங்கள்: ஈர மண்ணில் மின்சாரம் பாயும்போது அதன் உலோக முனைகள் அரித்துப்போகும், அளவும் மாறிவிடும்.

பகுப்பாய்வுக்கு வரைபடம் மட்டும் போதாது. மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் உண்மையான ஈரப்பதம் கிடைக்கும். சென்சார் காட்டியதை அதன் பக்கத்தில் வைத்து, எங்கே அதிகம் விலகுகிறது, ஏன் என்று சொல்லுங்கள். அந்த ‘ஏன்’தான் பகுப்பாய்வு.

நேரத்தையும் மதிப்பெண்படியே பிரிக்கலாம். கேள்விக்கான 5 போக மீதி 45. அப்படியானால் 15 மதிப்பெண் பகுதிகளுக்குத் தலா 4 நிமிடம், முடிவுகளுக்கு 2 நிமிடம் 40 விநாடி, பிரச்சினை வரையறைக்கு 1 நிமிடம் 20 விநாடி. விவசாயத்தில் நீரின் முக்கியத்துவம் பற்றியே மூன்று நிமிடம் பேசும் குழுக்கள் நிறைய. அது 5 மதிப்பெண் பகுதி!

ஒத்திகையின்போது வகுப்பில் வேறு குழு நண்பர் ஒருவரிடம் வெற்று மதிப்பெண் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஸ்லைடு எண்ணை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் விளக்கக் கூடாது. எண் விழாத வரி எதுவோ, அதற்கு ஸ்லைடு இன்னும் தயாராகவில்லை. கேள்வி-பதில் வரி மட்டும் காலியாக இருக்கலாம். அதற்காக சர்க்யூட், சென்சார் அளவீட்டுக் கணக்கு, செலவு விவரம் மூன்றையும் ‘நன்றி’ ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் திறந்து காட்ட.