துபாயில் வாங்கிய பாஸ்போர்ட்: வழங்கியது எந்த நாடு?

*ஐயா, எனக்கு ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முன்பு துபாயில் வேலை பார்த்தபோது அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். 'பிளேஸ் ஆஃப் இஷ்யூ' என்ற இடத்தில் துபாய் என்று இருக்கிறது. இப்போது கம்பெனி வேலையாக ஜெர்மனி போக வேண்டும். விசா படிவத்தில் 'வழங்கிய நாடு' என்ற இடத்தில் ஏஜென்ட் அமீரகம் என்று போட்டுவிட்டார். அடுத்த வாரம் சென்னையில் கைரேகை. பொய்த் தகவல் தந்ததாக ஆகிவிடுமா?*

உங்கள் பாஸ்போர்ட்டை வழங்கிய நாடு இந்தியாதான். துபாய் என்பது அது உங்கள் கைக்கு வந்த இடம், அவ்வளவுதான். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின்படி வெளிநாட்டில் உள்ள நம் தூதரகமும் இந்திய அரசின் சார்பில்தான் பாஸ்போர்ட் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, கொடுத்த பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. வேலூர் அஞ்சலகத்தில் விண்ணப்பித்திருந்தாலும் துபாயில் விண்ணப்பித்திருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

இதற்கு ஆதாரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் `<` குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 எழுத்து. விமான நிலைய இயந்திரம் படிப்பது இவற்றைத்தான். ஒரு கற்பனைப் பாஸ்போர்ட்டில் இப்படி இருக்கும்:

```
P<INDMANI<<SELVAM<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<
Z1234567<1IND8506128M3309140<<<<<<<<<<<<<<<6
```

முதல் வரியில் 3, 4, 5ஆம் இடங்களில் உள்ள `IND` பாஸ்போர்ட்டை வழங்கிய நாடு. இரண்டாம் வரியில் 11, 12, 13ஆம் இடங்களில் உள்ள `IND` உங்கள் குடியுரிமை. ஒரே சொல்லை எதற்கு இரண்டு முறை எழுத வேண்டும் என்று தோன்றும். இரண்டும் வேறாக இருக்கும் ஆவணங்களும் உண்டு. ஒரு நாடு தன்னிடம் தஞ்சம் புகுந்த அகதிக்குக் கொடுக்கும் பயண ஆவணத்தில் வழங்கியவர் என்ற இடத்தில் அந்த நாட்டின் குறியீடு வரும். ஆனால் அந்த அகதி அந்நாட்டின் குடிமகன் இல்லையே? அதனால் இரண்டாம் வரியில் அகதியைக் குறிக்கும் `XXB` போன்ற குறியீடு வரும். துபாய் என்ற ஊர்ப் பெயருக்கு இந்த இரண்டு வரிகளிலும் இடமே கிடையாது. அமீரகத்தின் குறியீடு `ARE`. அந்நாடு தன் குடிமக்களுக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட்டில்தான் அதைப் பார்க்கலாம்.

நீங்கள் போகிற ஜெர்மனி இதில் ஒரு விதிவிலக்கு. பட்டியல்களில் அதன் மூன்றெழுத்து `DEU`. ஆனால் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் `D` என்ற ஒரே எழுத்தும், மிச்ச இரண்டு இடங்களை நிரப்ப `<<` குறியும்தான் இருக்கும். வேலூரில் லாட்ஜ் நடத்தும் என் கட்சிக்காரர் ஒருவரின் ஊழியர், இதைப் பார்த்து ஒரு ஜெர்மன் விருந்தாளியை டென்மார்க்காரர் என்று பதிந்துவிட்டார். டென்மார்க்கின் குறியீடு `DNK`. திருத்திக் கொடுக்க அவர் இரண்டு நாள் அலைந்தார்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அந்த வரிகளில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. மேலே உள்ளதில் `Z1234567<` என்பதற்கு அடுத்து வரும் `1` அதுதான். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் கணக்கு இடித்து இயந்திரம் காட்டிக்கொடுக்கும். ஆனால் நாட்டுக் குறியீடு எந்தச் சரிபார்ப்பு எண்ணிலும் சேராது, கடைசியில் வரும் மொத்தச் சரிபார்ப்பிலும் சேராது. அதனால் அது தவறாகப் படிக்கப்பட்டாலோ தட்டச்சானாலோ இந்தக் கணக்கு எச்சரிக்காது. ஆள்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் படிவம் ஒரு நாட்டைச் சொல்கிறது, பாஸ்போர்ட் வேறொன்றைச் சொல்கிறது. இது கவனக்குறைவு. ஏமாற்றும் எண்ணத்தோடு பொய் சொல்வது வேறு. இதனால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை, மறைக்கவும் எதுவும் இல்லை. ஆனால் தவறு தெரிந்த பிறகும் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

ஆகவே ஏஜென்டிடம் சொல்லி அந்த இடத்தில் இந்தியா என்று திருத்தி, புதிதாக அச்செடுத்துக் கையெழுத்துப் போடுங்கள். பழைய தாளில் பேனாவால் அடித்து எழுத வேண்டாம். ஆன்லைனில் திருத்த வழியில்லாமல் பூட்டிவிட்டால், ஒரு பக்கக் கடிதம் போதும். விண்ணப்ப எண், தவறாகப் பதிந்தது எது, சரியானது எது, பாஸ்போர்ட் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழங்கியது, முதல் வரியில் `IND` உள்ளது என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, கைரேகை நாளன்று விண்ணப்பத்தோடு கொடுங்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். மறுத்தால் அன்றே அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், டிக்கெட் போடும்போதும் 'வழங்கிய நாடு' கேட்பார்கள். அங்கேயும் இந்தியாதான்.